19 காசில் கரையும் லாபம்: ஒரு திட்டம் எங்கே கவிழும் என்று முன்கூட்டியே பார்ப்பது எப்படி?

நாமக்கல் பக்கம் 10,000 முட்டைக்கோழிகளுடன் ஒரு பண்ணை தொடங்க ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கிக் கடனுக்காகத் திட்ட அறிக்கை தயாராகிறது. அதன் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு எண் இருக்கிறது: ஒரு பேட்ச் கோழிக்கு நிகர லாபம் 5.8 லட்சம் ரூபாய். வங்கி மேலாளர் அந்த எண்ணைப் பார்க்கிறார். பண்ணை போட நினைப்பவரும் அவர் குடும்பமும் அதையே பார்க்கிறார்கள்.

அந்த எண் எட்டு அனுமானங்களின் மேல் நிற்கிறது. முட்டை என்ன விலைக்குப் போகும், தீவனம் கிலோ என்ன விலை, ஒரு கோழி எத்தனை முட்டை இடும், எவ்வளவு தின்னும், வங்கி வட்டி என்ன என்பது போன்றவை அவை. எட்டில் எதுவுமே இன்று உறுதியாகத் தெரியாது. எல்லாம் எதிர்காலத்தைப் பற்றிய கணிப்புகள். எட்டும் தவறலாம் என்பதால் எட்டைப் பற்றியும் ஒரே அளவுக்குக் கவலைப்பட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வேண்டியதில்லை. இவற்றில் சில எவ்வளவு தவறினாலும் பண்ணைக்கு ஒன்றும் ஆகாது. சில கொஞ்சம் தவறினாலே போதும், லாபம் நட்டமாகிவிடும். எது எந்த வகை என்று பிரித்துக் காட்டும் கணக்குக்கு உணர்திறன் பகுப்பாய்வு என்று பெயர். அதன் விடையை ஒரே பார்வையில் காட்டும் படம் டொர்னாடோ வரைபடம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்டு ஹோவர்டு 1966-ல் பெயரிட்டு வளர்த்த 'முடிவுப் பகுப்பாய்வு' என்ற துறையில் இந்தப் படம் அன்றாடக் கருவி. எண்ணெய்க் கிணறு தோண்டுவதா, புது மருந்தில் பணம் போடுவதா என்று முடிவெடுக்கும் நிறுவனங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. ஆனால் இதைப் போட உயர்கணிதம் எதுவும் தேவையில்லை. பெருக்கல், கழித்தல் தெரிந்தால் போதும். நம் கோழிப்பண்ணைக்கே போட்டுப் பார்ப்போம்.

முதலில் அடிப்படைக் கணக்கு

எளிமைக்காக எண்களைச் சுருக்கித் தருகிறேன். இவை விளக்கத்துக்கான எண்கள். இன்றைய சந்தை நிலவரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பண்ணைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம், முறை மாறாது.

ஒரு நாள் குஞ்சாக வரும் லேயர் கோழி சுமார் 20 வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. 72 வாரம் வரை வைத்திருந்து, பிறகு இறைச்சிக்கு விற்றுவிடுகிறோம் என்று கொள்வோம். இந்த 72 வாரத்தில் ஒரு கோழிக்குச் சராசரியாக 310 முட்டை. இடையில் சாகும் கோழிகளையும் கணக்கில் எடுத்த சராசரி இது. முட்டை ஒன்று பண்ணையில் 4 ரூபாய் 90 காசுக்குப் போகிறது. ஆக முட்டை வரவு 1,519 ரூபாய். கடைசியில் கோழியை விற்று வருவது 100 ரூபாய். மொத்த வரவு 1,619.

செலவுப் பக்கம் வருவோம். குஞ்சிலிருந்து கடைசி வரை ஒரு கோழி தின்னும் தீவனம் 47 கிலோ. கிலோ 28 ரூபாய் என்றால் 1,316 ரூபாய். குஞ்சு, தடுப்பூசி, மருந்து எல்லாம் சேர்த்து 100. ஆள் கூலி, மின்சாரம் 60. ஷெட், கூண்டு ஆகியவற்றில் போட்ட 35 லட்சத்துக்கான வட்டியும் தேய்மானமும் ஒரு கோழிக்கு 85. மொத்தச் செலவு 1,561.

வரவில் செலவு போக மீதி 58 ரூபாய். 10,000 கோழிக்கு 5.8 லட்சம். திட்ட அறிக்கையின் கடைசிப் பக்க எண் இப்படித்தான் வந்தது. 1,619 ரூபாய் வரவில் நிற்பது 58 ரூபாய்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பது

இப்போது எட்டு அனுமானங்களுக்கும் இரண்டு எண்கள் கூடுதலாக எழுத வேண்டும். ஒன்று, மோசமாகப் போனால் எவ்வளவு. மற்றது, நன்றாகப் போனால் எவ்வளவு. பிறகு ஏழு அனுமானங்களை அடிப்படை நிலையிலேயே வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் மோசமான எண்ணுக்கு மாற்றி லாபத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதையே நல்ல எண்ணுக்கு மாற்றி மறுபடி குறிக்க வேண்டும். பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எட்டு அனுமானம், பதினாறு கணக்கு. கணிப்பொறியில் எக்செல் இருந்தால் சில நிமிட வேலை. நோட்டுப் புத்தகத்திலும் செய்யலாம்.

நம் பண்ணைக்குக் கிடைக்கும் விடை இதோ. லாபம் லட்ச ரூபாயில். கழித்தல் குறி நட்டம்.

| அனுமானம் | மோசமானால் | நன்றானால் | லாபம் (மோசம்) | லாபம் (நன்று) | இடைவெளி |
|---|---|---|---|---|---|
| முட்டை விலை | ரூ.4.50 | ரூ.5.30 | −6.6 | 18.2 | 24.8 |
| தீவன விலை, கிலோ | ரூ.31 | ரூ.26 | −8.3 | 15.2 | 23.5 |
| ஒரு கோழியின் முட்டைகள் | 295 | 318 | −1.6 | 9.7 | 11.3 |
| ஒரு கோழி தின்னும் தீவனம் | 49 கிலோ | 46 கிலோ | 0.2 | 8.6 | 8.4 |
| கழிக்கும் கோழியின் விலை | ரூ.70 | ரூ.130 | 2.8 | 8.8 | 6.0 |
| குஞ்சு, தடுப்பூசி, மருந்து | ரூ.115 | ரூ.90 | 4.3 | 6.8 | 2.5 |
| கூலி, மின்சாரம் | ரூ.67 | ரூ.55 | 5.1 | 6.3 | 1.2 |
| வங்கி வட்டி | 11.5% | 9.5% | 5.3 | 6.3 | 1.0 |

இந்த அட்டவணையைப் படமாக்குவது சுலபம். கட்டம் போட்ட தாளில் கீழே லாபத்தின் அளவுகோலை இடமிருந்து வலமாக எழுதுங்கள்: −10, −5, 0, 5, 10, 15, 20. அடிப்படை லாபமான 5.8-ல் செங்குத்தாக ஒரு கோடு இழுங்கள். முட்டை விலைக்கு −6.6 முதல் 18.2 வரை ஒரு கிடைமட்டப் பட்டை வரையுங்கள். அதற்குக் கீழே தீவன விலைக்கு −8.3 முதல் 15.2 வரை. இப்படி நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று அடுக்கிக்கொண்டே போனால், மேலே அகன்று கீழே ஒடுங்கும் ஒரு வடிவம் கிடைக்கும். அமெரிக்கச் சமவெளிகளில் வீசும் டொர்னாடோ என்ற சுழற்காற்று மேகத்திலிருந்து தரைக்குப் புனல் போல இறங்கும் தோற்றம் அது. பெயர் அங்கிருந்து வந்தது.

படம் சொல்வது என்ன?

கடன் வாங்கப் போகும்போது நாம் அதிகம் பேரம் பேசுவது வட்டியைப் பற்றித்தான். அரை சதவீதம் குறைப்பார்களா என்று இரண்டு மூன்று வங்கிகள் ஏறி இறங்குகிறோம். இந்தப் படத்தில் வட்டிதான் ஆகக் குட்டையான பட்டை. கூலி அதற்கு அடுத்தது. வட்டி, கூலி, குஞ்சு விலை ஆகிய கடைசி மூன்றும் ஒரே நேரத்தில் பாதகமாகப் போனாலும் லாபம் 2.7 லட்சம்தான் குறைகிறது, 3.1 லட்சம் மிஞ்சும். இந்த மூன்றில் எதைப் பற்றி எவ்வளவு விவாதித்தாலும் பண்ணை போடுவதா வேண்டாமா என்ற முடிவு மாறாது.

மேலே உள்ள இரண்டு பட்டைகளும் வேறு கதை. முட்டை விலை, தீவன விலை இரண்டுமே தனித்தனியாகவே பண்ணையை நட்டத்துக்குத் தள்ளும் வலு உள்ளவை. பட்டையின் நீளத்தோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அது பூஜ்யக் கோட்டைத் தாண்டி இடப்பக்கம் போகிறதா? பட்டை நீளமாக இருந்தும் முழுவதும் லாபப் பக்கமே நின்றால், அது வருமானத்தின் அளவை மாற்றும், முடிவை மாற்றாது. பூஜ்யத்தைத் தாண்டும் பட்டைதான் முடிவையே மாற்றக்கூடியது. நம் படத்தில் அப்படித் தாண்டுபவை மூன்று: முட்டை விலை, தீவன விலை, முட்டை எண்ணிக்கை. தின்னும் தீவனத்தின் அளவு பூஜ்யத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது.

இதையே தலைகீழாகவும் கேட்கலாம். லாபம் சரியாகப் பூஜ்யமாக வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் எவ்வளவு மாற வேண்டும்? கோழிக்கு 58 ரூபாய் லாபத்தை 310 முட்டைக்கு வகுத்தால் 19 காசு வருகிறது. முட்டை விலை 4.90-லிருந்து 4.71 ஆனால் லாபம் முழுதும் போய்விட்டது. தீவனம் கிலோவுக்கு 1 ரூபாய் 23 காசு ஏறினாலும் அதே கதி. முட்டை எண்ணிக்கை 310-லிருந்து 298 ஆனாலும் அப்படியே. வங்கி வட்டியோ 10.5 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 22.5 சதவீதத்துக்கு ஏற வேண்டும். இந்த நான்கு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், எதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதில் சந்தேகமே இருக்காது.

19 காசு எவ்வளவு சிறியது என்பது முட்டை வியாபாரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். என்.இ.சி.சி. எனப்படும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் விலை ஒன்று. வியாபாரி பண்ணையில் கொடுக்கும் விலை பல நேரங்களில் வேறொன்று. அறிவித்த விலையிலிருந்து வியாபாரி குறைத்துக்கொள்ளும் தொகையை 'மைனஸ்' என்கிறார்கள். திட்ட அறிக்கை தயாரிப்பவர் செய்தித்தாளில் வந்த விலையை எடுத்து எழுதிவிட்டு மைனஸை மறந்தால், 40 காசு மைனஸில் 12.4 லட்சம் போய்விடும். 5.8 லட்சம் லாபம் 6.6 லட்சம் நட்டமாகத் தெரியும். முட்டை விலைப் பட்டைதான் எல்லாவற்றிலும் நீளம் என்று தெரிந்தவர் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

எல்லாவற்றையும் 10 சதவீதம் அசைத்தால் போதாதா?

பல திட்ட அறிக்கைகளில் உணர்திறன் பகுப்பாய்வு என்ற தலைப்பில் ஒரு பக்கம் இருக்கும். விற்பனை 10 சதவீதம் குறைந்தால், செலவு 10 சதவீதம் கூடினால் என்று எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதத்தைப் போட்டு முடித்திருப்பார்கள். இது எளிது, ஆனால் தவறான விடையைத் தரும்.

நம் கணக்கிலேயே பாருங்கள். முட்டை விலையை 10 சதவீதம் குறைத்தால் லாபம் 15.2 லட்சம் குறையும். முட்டை எண்ணிக்கையை 10 சதவீதம் குறைத்தாலும் அதே 15.2 லட்சம்தான். இரண்டையும் பெருக்கித்தானே வரவு வருகிறது. எதை 10 சதவீதம் குறைத்தாலும் பெருக்கல் தொகை ஒன்றே. தீவன விலைக்கும் தீவன அளவுக்கும் இதே நிலைதான். நான்கு பட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே நீளத்தில் நிற்கும். படம் எதையும் சொல்லாது.

உண்மை நிலை என்ன? நல்ல பராமரிப்பு உள்ள பண்ணையில் முட்டை எண்ணிக்கை ஒரு பேட்ச்சுக்கும் அடுத்த பேட்ச்சுக்கும் இடையே 10 சதவீதம் விழுவது அபூர்வம். அப்படி விழுந்தால் ஏதோ நோய் வந்திருக்கிறது என்று பொருள். முட்டை விலை 10 சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். புரட்டாசியில் பலர் அசைவத்தை விடுகிறார்கள், கார்த்திகையில் பலர் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். விலை அசைந்துகொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு அனுமானத்துக்கும் அதன் இயல்புக்கு ஏற்ற வீச்சைத் தர வேண்டும். பட்டையின் நீளத்தை இரண்டு விஷயங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன: அந்த எண் மாறினால் லாபம் எவ்வளவு மாறும் என்பது ஒன்று, அந்த எண் உண்மையில் எவ்வளவு மாறக்கூடியது என்பது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் 10 சதவீதம் என்று போடும்போது இரண்டாவது காணாமல் போகிறது.

வீச்சை எப்படித் தீர்மானிப்பது? முடிவுப் பகுப்பாய்வில் வழக்கமான முறை ஒன்று உண்டு. 'பத்து பேட்ச்சில் ஒன்றில்தான் இதைவிட மோசமாகப் போகும்' என்று சொல்லக்கூடிய எண்ணை மோசமான எண்ணாகவும், 'பத்தில் ஒன்றில்தான் இதைவிட நன்றாகப் போகும்' என்பதை நல்ல எண்ணாகவும் எடுக்க வேண்டும். எல்லா வரிசைக்கும் இதே அளவுகோல். ஒன்றுக்கு உலகமே அழியும் நிலையையும் இன்னொன்றுக்குச் சாதாரண ஏற்ற இறக்கத்தையும் போட்டால் பட்டைகளை ஒப்பிட முடியாது. பழைய விலைப் பட்டியல், பக்கத்துப் பண்ணைக்காரரின் கணக்குப் புத்தகம், கால்நடை மருத்துவர் ஆகியோரிடம் கேட்டு இந்த எண்களை நிரப்பலாம். திட்டம் போடுபவரே தனியாக உட்கார்ந்து நிரப்பக் கூடாது.

காரணம், தன் திட்டத்தின் மேல் ஆசை வைத்தவர்கள் வீச்சைக் குறுக்கியே எழுதுவார்கள். படித்த நிபுணர்களும் இதற்கு விலக்கில்லை. பிரிட்டனையும் பிரான்சையும் கடலடியில் இணைக்கும் சேனல் டனல் ரயில் பாதை 1994-ல் திறக்கப்பட்டது. யூரோஸ்டார் ரயிலில் முதல் ஆண்டிலேயே 1.59 கோடிப் பயணிகள் வருவார்கள் என்று கணித்திருந்தார்கள். 1995-ல் வந்தவர்கள் ஏறத்தாழ 29 லட்சம் பேர். இந்த இடைவெளி 10 சதவீதமோ 20 சதவீதமோ அல்ல. கணிப்பில் ஐந்தில் ஒரு பங்குகூட வரவில்லை. பயணிகள் எண்ணிக்கைக்குக் குறுகிய வீச்சு எழுதிய எந்த டொர்னாடோ படமும் இதைக் காட்டியிருக்க முடியாது. படம் நாம் கொடுக்கும் வீச்சை அப்படியே நம்புகிறது. வீச்சு பொய்யானால் படமும் பொய்யாகும்.

படம் காட்டாதது

டொர்னாடோ படத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. அது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே அசைக்கிறது. வாழ்க்கையில் இரண்டு மூன்று சேர்ந்தே அசைகின்றன.

மேலே உள்ள இரண்டு பட்டைகளையும் சேர்த்து அசைத்துப் பார்ப்போம். தீவனம் 31 ரூபாய்க்கு ஏறி, முட்டையும் 5.30-க்கு ஏறினால் லாபம் 4.1 லட்சம். தீவனம் 26-க்கு இறங்கி, முட்டையும் 4.50-க்கு இறங்கினால் 2.8 லட்சம். இரண்டும் ஒரே திசையில் போனால் பண்ணை ஏறக்குறைய பத்திரமாகவே இருக்கிறது. ஆனால் தீவனம் ஏறி, முட்டை இறங்கினால் 20.7 லட்சம் நட்டம். தீவனம் இறங்கி, முட்டை ஏறினால் 27.6 லட்சம் லாபம். ஆக, இரண்டு விலைகளும் சேர்ந்து போகின்றனவா, எதிரெதிராகப் போகின்றனவா என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. எட்டுப் பட்டைகளில் எதிலும் அந்தக் கேள்விக்கு விடை இல்லை.

நீண்ட காலத்தில் இரண்டும் சேர்ந்தே போக முனையும். தீவனம் ஏறினால் பண்ணையாளர்கள் வயதான கோழிகளைச் சீக்கிரம் கழிப்பார்கள், புதுக் குஞ்சு குறைவாக விடுவார்கள். முட்டை வரத்து குறையும், விலை ஏறும். ஆனால் இது உடனே நடப்பதில்லை. இன்று விடும் குஞ்சு முட்டையிட ஐந்து மாதம் ஆகும். இன்று விடாத குஞ்சின் விளைவும் அதே ஐந்து மாதம் கழித்துத்தான் சந்தையில் தெரியும். தீவன விலை ஏறிய பிறகு முட்டை விலை பின்தொடர்ந்து வரும் வரையுள்ள இந்த மாதங்கள்தான் ஆபத்தானவை. கையில் ரொக்கம் இல்லாத பண்ணைகள் இந்த இடைவெளியில்தான் மூடுகின்றன. 2021-ல் சோயா புண்ணாக்கு விலை தாறுமாறாக ஏறி, அந்த ஆகஸ்டில் மத்திய அரசு மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய அனுமதித்தது பலருக்கு நினைவிருக்கும். அப்படியொரு காலத்தைத் தாங்க எவ்வளவு ரொக்கம் வேண்டும் என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

ஆகவே படம் வரைந்த பிறகு, மேலே உள்ள இரண்டு அல்லது மூன்று பட்டைகளை மட்டும் எடுத்து, அவற்றைச் சேர்த்து அசைத்து இன்னொரு சிறிய அட்டவணை போட வேண்டும். எட்டையும் சேர்த்து அசைத்தால் ஆயிரக்கணக்கான கலவைகள் வரும், யாராலும் படிக்க முடியாது. எந்த இரண்டைச் சேர்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக் கொடுப்பதுதான் டொர்னாடோ படத்தின் பெரிய உதவி.

இன்னொன்றும் இதில் அடங்காது. 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டபோது, நோய் எட்டாத மாநிலங்களிலும் மக்கள் முட்டையைத் தவிர்த்தார்கள். இது போன்ற நிகழ்ச்சி நடக்கும் அல்லது நடக்காது. 'கொஞ்சம் மோசம், கொஞ்சம் நன்று' என்ற வீச்சுக்குள் வராது. இதைப் பட்டையாக வரைய முயலாமல், 'மூன்று மாதம் முட்டை விற்காவிட்டால் தாக்குப்பிடிப்போமா?' என்று தனிக் கேள்வியாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

வரைந்த பிறகு செய்ய வேண்டியது

படம் சுவரில் மாட்டுவதற்கல்ல. ஒவ்வொரு நீளமான பட்டையையும் பார்த்து, 'இதை நம்மால் குட்டையாக்க முடியுமா? அதற்கு என்ன செலவு?' என்று கேட்க வேண்டும்.

தீவன விலையை எடுத்துக்கொள்வோம். கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். அறுவடைக் காலத்தில் விலை இறங்கியிருக்கும்போது வாங்கி இருப்பு வைத்தால், ஆண்டு முழுவதற்குமான தீவன விலை அவ்வளவாக ஆடாது. ஆனால் கிடங்கு வாடகை, முடங்கும் பணத்துக்கு வட்டி, ஈரப்பதம் சரியில்லாவிட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் நச்சு உண்டாகும் அபாயம் என்று அதற்கும் ஒரு விலை உண்டு. இந்தச் செலவால் சராசரித் தீவன விலை கிலோவுக்கு 30 காசு கூடுகிறது, ஆனால் விலை 27.30-க்கும் 29.80-க்கும் இடையில் மட்டுமே ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்படை லாபம் 5.8 லட்சத்திலிருந்து 4.4 லட்சமாகக் குறையும். ஆனால் தீவனத்தால் வரக்கூடிய மோசமான நிலை 8.3 லட்சம் நட்டத்திலிருந்து 2.7 லட்சமாகச் சுருங்கும். நல்ல காலத்தில் வரக்கூடிய 15.2 லட்சமும் 9.1 லட்சமாகக் குறையும். 1.4 லட்சத்தைக் கொடுத்து நிம்மதி வாங்குவதா என்பதைப் பண்ணைக்காரர் தன் கையிருப்பைப் பார்த்து முடிவு செய்யலாம். கடன் நிறைய உள்ளவர் வாங்குவது நல்லது. இரண்டு மூன்று மோசமான பேட்ச்சைத் தாங்கக்கூடியவருக்கு அவசியமில்லை.

முட்டை எண்ணிக்கை வேறு வகை. அது சந்தையின் கையில் இல்லை, பண்ணையின் கையில் இருக்கிறது. கோடை வெயிலில் கோழி தீனி எடுப்பது குறையும், முட்டையும் குறையும். கூரையைக் குளிரவைத்து, நீர்த்தூவி பொருத்தி, மோசமான எண்ணை 295-லிருந்து 303-க்கு உயர்த்த முடிந்தால், அந்தப் பட்டையின் இடப்பக்க முனை 1.6 லட்சம் நட்டத்திலிருந்து 2.4 லட்சம் லாபத்துக்கு நகர்கிறது. பூஜ்யத்தைத் தாண்டிய பட்டைகளில் ஒன்று குறைகிறது. கருவிகளின் செலவு இதைவிடக் குறைவாக இருக்கும் வரை அது நல்ல முதலீடு.

முட்டை விலைதான் கடினம். தனி ஒரு பண்ணையாளரால் சந்தையை அசைக்க முடியாது. ஆனால் முட்டையில் ஒரு பகுதியை நிலையான விலைக்கு வாங்கிக்கொள்ளும் ஒருவருடன் ஒப்பந்தம் செய்யலாம். மைனஸ் எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கலாம். வட்டியில் அரை சதவீதம் குறைக்க அலையும் நேரத்தில் மைனஸை 5 காசு குறைத்தால் 1.55 லட்சம் மிச்சம். அரை சதவீத வட்டியில் மிஞ்சுவது சுமார் 24,000 ரூபாய். பேரம் பேசும் உழைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதுவரை சொன்னது கோழிப்பண்ணைக் கணக்கு. சோலார் தகடு போடுபவருக்கும், வாடகைக்கு வீடு கட்டுபவருக்கும், புது மருந்துக்கடை திறப்பவருக்கும் அனுமானங்கள் வேறாக இருக்கும், பட்டைகளின் வரிசை வேறாக இருக்கும். ஆனால் அநேகமாக எல்லாத் திட்டங்களிலும் முடிவை மாற்றக்கூடிய பட்டைகள் இரண்டு மூன்றுக்கு மேல் இருப்பதில்லை.

உங்களிடமோ உங்கள் பிள்ளையிடமோ யாராவது ஒரு திட்ட அறிக்கையை நீட்டினால், கடைசிப் பக்கத்து லாபத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அனுமானம் தவறினால் இந்த லாபம் பூஜ்யமாகும்? அது அவ்வளவு தவறுவதற்கு எத்தனை வாய்ப்பு, அதை யாரிடம் கேட்டு எழுதினீர்கள்? மேலே உள்ள இரண்டும் ஒரே நேரத்தில் பாதகமானால் எத்தனை மாதம் தாங்குவோம்? இந்த மூன்றுக்கும் எண்களில் விடை சொல்ல முடியாத அறிக்கை, இன்னும் முடிவடையாத அறிக்கை. விடை வரும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள்.